அச்சிடாத நிமிஷங்கள்

பள்ளிக்கூட ஆண்டு விழாவின் நிகழ்ச்சி நிரலைப் பார்க்கும்போது எல்லாம் வெகு ஒழுங்காகத் தோன்றும். வழவழப்பான காகிதம், ஓரத்தில் பூக்கொடி, வரிசையாக எண்கள், எண்ணுக்கு எதிரே ஒரு நிகழ்ச்சி. அதைப் படிப்பவருக்கு, ஒன்று முடிந்தவுடன் மற்றொன்று தானாகவே தொடங்கிவிடும் என்ற எண்ணம் உண்டாகும். மேடை ஓரத்தில் நின்று மைக்கைப் பிடித்திருக்கிறவருக்குத்தான் தெரியும், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறதென்று.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வெளியூரில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் நமது தங்கையின் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுடைய பள்ளியில் வருகிற வியாழக்கிழமை ஆண்டு விழா. நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

"மாமா, நிகழ்ச்சி நிரலைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி அழகாக எழுதிக் கொடுங்கள், போதும்" என்றாள்.

"நாலு வரி எழுதுவது பெரிதல்ல, அம்மா. எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும்?" என்று கேட்டோம்.

"எட்டு மணிக்கு மாமா. கிராமத்துப் பிள்ளைகளுக்கு எட்டு இருபதுக்குத்தான் கடைசி பஸ். போன வருஷம் நேரமாகிவிட்டதென்று கடைசியில் இருந்த கும்மியை எடுத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் பட்டுப் பாவாடையும் பூவுமாக மேடை ஓரத்திலேயே நின்றார்கள். நாட்டுப்பண் தொடங்கிவிட்டதால் அசையாமல் நிற்கவேண்டும் அல்லவா? நின்றுகொண்டே அழுதார்கள். இந்த வருஷமும் கும்மிதான் கடைசி."

அதன் பிறகு நாலு வரி அழகைப் பற்றி நாம் யோசிக்கவில்லை.

முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அது இரவில் குழல் விளக்கின் அடியில் எடுத்த படம். வழவழப்பான காகிதமாகையால், விளக்கின் வெளிச்சம் சிறப்பு விருந்தினரின் பதவிப் பெயர் மீது விழுந்து அதை வெள்ளையாக்கிவிட்டிருந்தது. காகிதத்தை இரண்டாக மடித்த மடிப்பு நடு வரி ஒன்றை விழுங்கியிருந்தது. கீழ் மூலையில் நமது மருமகளின் கட்டைவிரல். ஓரிடத்தில் ஒரு பெயரின் முதலெழுத்து 'செ.' என்றிருக்கிறதா, 'சே.' என்றிருக்கிறதா என்று நிச்சயிக்க முடியவில்லை. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வித்தியாசம் மங்கலான படத்தில் முதலில் மறைகிற வித்தியாசம். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியும் அப்படியே.

இத்தகைய படத்திலிருந்து பிரதி எடுக்கும்போது ஒரு பழக்கம் உதவும். பெயர்களுக்கு முன்னால் எண்களை மட்டும் எழுதிக்கொண்டு போகவேண்டும். நம் மருமகள் தன் நோட்டில் நிகழ்ச்சிகளை எழுதிப் பார்த்தபோது பதினைந்து வந்ததாம். நாம் எண்களை மட்டும் எழுதினோம். எட்டுக்குப் பிறகு பத்து வந்தது. ஒன்பது மடிப்புக்குள் இருந்தது. பதினாறுக்குக் கீழே விரல். விரலுக்கு அடியில் பதினேழு. ஆக, காகிதத்தில் இருப்பவை 17. கையில் கிடைத்தவை 15. நிகழ்ச்சிகளின் பெயரைப் படித்துக்கொண்டே போயிருந்தால் இந்தக் குறை தெரிந்திராது. வாக்கியம் தொடர்கிறமாதிரி இருந்தால் மனம் பள்ளத்தைத் தாண்டிவிடும், எண் தாண்டவிடாது.

"காலையில் ஜன்னல் பக்கத்தில் மேஜைமேல் காகிதத்தைத் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து இன்னொரு படம் எடு. படமாக அனுப்பாதே, வாட்ஸப்பிலேயே 'டாக்குமெண்ட்' என்று இருக்கிறதே, அந்த வழியாக அனுப்பு. அப்போது எழுத்துச் சுருங்காமல் வரும்" என்று சொன்னோம். மறுநாள் காலை படம் தெளிவாக வந்தது. ஒன்பதாவது, திருக்குறள் ஒப்புவித்தல். பதினேழாவது, நாட்டுப்பண். பெயரின் முதலெழுத்தை மட்டும் படத்தை நம்பி எழுதவேண்டாம், தலைமையாசிரியரிடமே கேட்டுக்கொள் என்றோம். அச்சிலேயே பிழை இருக்கலாம். விருந்தினரின் பெயரை மேடையில் தவறாகச் சொல்லிவிட்டு, 'அச்சில் அப்படித்தான் இருந்தது' என்று சமாதானம் சொல்ல முடியாது.

இனி நேரக் கணக்கு. அச்சிட்ட நிரலில் இருந்த நேரம் ஒன்றே ஒன்றுதான்: 'மாலை 5 மணி.' மற்றவற்றை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். மருமகள் திங்கட்கிழமை பள்ளியில் ஒவ்வோர் ஆசிரியரிடமும் விசாரித்தாள். நடனங்களுக்கு விசாரணை தேவையில்லை. பாட்டு எத்தனை நிமிஷம் என்பது கைப்பேசியிலேயே தெரியும். நாடகத்தை மட்டும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒத்திகையில் பார்க்கச் சொன்னோம். 'எட்டு நிமிஷந்தான்' என்று சொன்ன நாடகம் பன்னிரண்டு நிமிஷம் நடந்தது. பரிசளிப்புக்கு ஒரு சோதனை செய்தோம். எட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பெயரைக் கூப்பிட்டு, படியேறி, கை குலுக்கி, படத்துக்கு நின்று, மறுபக்கம் இறங்கச் சொன்னதில் இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஒருவருக்கு 15 விநாடி. பரிசுகள் 64. ஆகவே 16 நிமிஷம்.

எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினோம். தமிழ்த்தாய் வாழ்த்து, எழுந்து நின்று அமைதியாகி மறுபடி அமர்வது உட்பட 3 நிமிஷம். (பாட்டு மாத்திரம் 55 விநாடியில் பாடவேண்டும் என்பது 2021-ம் ஆண்டின் அரசாணை.) குத்துவிளக்கு 4. வரவேற்புரையும் பொன்னாடையும் 10. ஆண்டறிக்கை 10. தலைமையுரை 8. சிறப்புரை 20. பரிசளிப்பு 16. கலை நிகழ்ச்சிகள் எட்டும் சேர்ந்து 47. நன்றியுரை 4. நாட்டுப்பண், பாட்டுக்கு 52 விநாடியும் எழுந்து நிற்கும் நேரமுமாக 2. மொத்தம் 124 நிமிஷம்.

"ஐந்திலிருந்து எட்டு வரை 180 நிமிஷம் இருக்கிறதே மாமா! 56 நிமிஷம் மிச்சம்!" என்று மருமகள் சந்தோஷப்பட்டாள்.

சென்ற ஆண்டும் யாரோ ஒருவர் இப்படித்தான் கூட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனெனில் இந்தக் கணக்கில் நிகழ்ச்சிகள் மட்டுமே இருக்கின்றன, இடைவெளிகள் இல்லை. பதினேழு நிகழ்ச்சிகளுக்கு நடுவே பதினாறு இடைவெளி உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து மைக்குக்கு வர, அறிவிப்பையும் சேர்த்து, ஒரு நிமிஷம். முதல் ஏழு நிகழ்ச்சிகளுக்குள் இப்படி ஆறு. பரிசளிப்பு முடிந்ததும் விருந்தினர்கள் கீழே இறங்கி முன்வரிசையில் அமர வேண்டும்; மேடையிலுள்ள நாற்காலிகளும் நீண்ட மேஜையும் வெளியே போகவேண்டும்; அதற்கு 8 நிமிஷம். கலை நிகழ்ச்சிகளுக்குள் ஏழு இடைவெளி. சாதாரணமாக இரண்டிரண்டு நிமிஷம். ஆனால் நாடகத்துக்கு முன்னால் சாமான்களை வைக்க ஐந்து, பின்னால் எடுக்க ஐந்து. ஆக 20. கும்மிக்கும் நன்றியுரைக்கும் நடுவே 2. நாட்டுப்பண்ணுக்கு முன் 1. கூட்டினால் 37 நிமிஷம். இந்த 37 நிமிஷம் எந்த நிரலிலும் அச்சாவதில்லை. ஆனால் அதுதான் தொகுத்து வழங்குகிறவரின் சொந்தப் பங்கு.

124-உம் 37-உம் 161. மிச்சம் 19 நிமிஷந்தான். விருந்தினர் பதினைந்து நிமிஷம் தாமதித்து வந்தால் 4 மிஞ்சும். சிறப்புரை பத்து நிமிஷம் நீண்டால், கும்மி போயிற்று. விருந்தினரைப் பேச்சின் நடுவே நிறுத்தும் அதிகாரம் பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு ஏது? ஆகவே நேரத்தை அவரிடம் தேடக் கூடாது, இடைவெளிகளில்தான் தேடவேண்டும்.

எங்கே தேடுவது? நாடகத்தின் இரு பக்கமும் ஐந்தைந்து நிமிஷம் ஜனங்கள் மூடிய திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சமயத்தில் மூடிய திரைக்கு முன்னால் நடத்தக்கூடிய நிகழ்ச்சி ஏதாவது உண்டா? இரண்டு இருந்தன. மடிப்புக்குள் ஒளிந்திருந்த திருக்குறள் ஒப்புவித்தல் ஒன்று; புல்லாங்குழல் மற்றொன்று. இரண்டும் நாலு நாலு நிமிஷம். இரண்டுக்கும் வேண்டியது ஒரு மைக்கும் நாலடி இடமும்.

அச்சிட்ட வரிசை இது: பரதநாட்டியம், திருக்குறள், கோலாட்டம், நாடகம், யோகாசனம், புல்லாங்குழல், சிலம்பம், கும்மி. நாம் மாற்றிய வரிசை: பரதநாட்டியம், கோலாட்டம், திருக்குறள், நாடகம், புல்லாங்குழல், யோகாசனம், சிலம்பம், கும்மி. பிள்ளைகள் திரைக்கு முன்னால் குறள் ஒப்புவிக்கும்போது பின்னால் நாடகத்து அரண்மனை எழும்பும். குழல் ஊதும்போது அரண்மனை இறங்கி, யோகாசனத்துக்குப் பாய் விரிப்பார்கள். இடைவெளி 20-லிருந்து 10 ஆயிற்று. மொத்தம் 151 நிமிஷம், மிச்சம் 29.

அச்சாகி வீடு வீடாகப் போய்விட்ட நிரலின் வரிசையை மாற்றுவது சிறிய விஷயமல்ல. தன் குழந்தை எப்போது வரும் என்று எண்ணி வருகிற பெற்றோர் இருக்கிறார்கள். ஆகையால் இதைத் தலைமையாசிரியரிடம் காட்டி அவருடைய சம்மதத்தைப் பெறச் சொன்னோம். கணக்கைப் பார்த்ததும் அவர் ஒப்புக்கொண்டார். இடம் மாறியவை இரண்டே நிகழ்ச்சிகள். அவையும் தத்தம் இடத்துக்கு அடுத்த இடத்துக்கே போயின.

பிறகுதான் எழுத உட்கார்ந்தோம். நோட்டுத் தாளை நான்கு பத்தியாகக் கோடு போட்டோம். முதல் பத்தியில் கடிகார நேரம். இரண்டாவதில் பேசவேண்டிய சொற்கள். மூன்றாவதில் அப்போது மேடையில் பிறர் செய்யவேண்டிய காரியம். நான்காவது வெறுமையாக இருக்கும். உண்மையில் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை அன்றைக்கே அவள் அதில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பகுதியை இங்கே காட்டுகிறோம்.

6.38 — கோலாட்டம் முடிவு. திரை மூடுக. பேசுவது: "கோலாட்டம் ஆடிய எட்டாம் வகுப்பு மாணவியருக்கு நமது நன்றி. அடுத்து, ஏழாம் வகுப்பு மாணவர் ஐவர் வழங்குவது, திருக்குறள் ஒப்புவித்தல்." செய்வது: மைக் திரைக்கு முன், நடுவில், குழந்தைகளின் உயரத்துக்கு. திரைக்குப் பின் நாடகச் சாமான். நாடகக் குழு இடப்பக்கம் தயார்.

6.43 — ஒப்புவித்தல் முடிவு. திரைக்குப் பின்னிருந்து கை அசைந்தால் உடனே: "அடுத்து, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நடிக்கும் நாடகம்." கை அசையாவிட்டால், முதலில் நீள்வரி: "இந்த நாடகத்துக்கு வேண்டிய கிரீடமும் வாளும் மாணவர்கள் தாங்களே அட்டையில் செய்தவை. மூன்று வாரம் பள்ளி முடிந்தபின் தங்கிச் செய்தார்கள்." பிறகு அறிவிப்பு.

இதில் இரண்டு நுட்பங்களை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். ஒன்று, அறிவிப்பில் நிகழ்ச்சியின் பெயர் எப்போதும் கடைசியில் வருகிறது. ஒலிபெருக்கிக்காரர் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பாட்டைத் தொடங்குவார். 'இப்போது கோலாட்டம், இதை ஆடுபவர்கள்...' என்று பெயரை முன்னால் சொல்லிவிட்டால், பேச்சின் நடுவிலேயே பாட்டுப் புறப்பட்டுவிடும். மற்றொன்று, நீள்வரி. ஒவ்வொரு பெரிய இடைவெளிக்கும் ஒரு குறுகிய அறிவிப்பும், தேவைப்பட்டால் மட்டும் படிக்கவேண்டிய நீள்வரியும் எழுதினோம். நீள்வரி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பது நாம் எல்லாரும் அறிந்ததே. 'இன்னும் சற்று நேரத்தில்' என்று மூன்று முறை சொல்வார்கள். பிறகு கைதட்டச் சொல்வார்கள். உண்மையான செய்தி ஒன்றைச் சொன்னால் அரை நிமிஷம் போவது யாருக்கும் தெரியாது.

பரிசளிப்புக்குத் தனித்தாள். அதில் பெயரைக் கூப்பிடும்போதே அடுத்த மூவர் படிக்கட்டில் நிற்கவேண்டும் என்று குறித்தோம். ஒருவர் வரிசையிலிருந்து எழுந்து வருவதற்குக் காத்திருந்தால் 15 விநாடி 30 ஆகும். 64 பரிசில் அது கூடுதலாக 16 நிமிஷம்.

கடைசியாக, சிவப்பு மையில் ஒரு கோடு. பரிசளிப்பு முடியவேண்டிய நேரம் 6.17. மிச்சமுள்ள 29 நிமிஷமும் செலவானால் 6.46. "அந்த இடத்தில் கடிகாரத்தைப் பார். 6.46-க்குள் இருந்தால் எதையும் தொடாதே. தாண்டியிருந்தால் நன்றியுரை ஒரே நிமிஷம். நாடகத்தில் முதல் காட்சி கிடையாது. இதை இப்போதே நாடக ஆசிரியரிடமும் நன்றி சொல்பவரிடமும் பேசி முடித்துவிடு" என்றோம். எதைக் குறைப்பது என்ற கேள்வியை விழா அன்று ஏழரை மணிக்குக் கேட்டால், கடைசியில் நிற்பவர்கள் யாரோ அவர்கள்தான் பதிலாவார்கள். சென்ற ஆண்டு நேர்ந்தது அதுதான்.

வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல், நான்காவது பத்தியின் படம் நமக்கு வந்து சேர்ந்தது. இந்தத் தடவை விரல் இல்லை. தொடக்கம் 5.15, விருந்தினர் கால் மணி நேரம் தாமதம். சிறப்புரை 20 நிமிஷத்துக்குப் பதில் 32. பரிசளிப்பு முடிவு 6.44. சிவப்புக் கோட்டுக்கு இரண்டு நிமிஷம் இப்பால். கும்மி 7.44-க்குத் தொடங்கி 7.49-க்கு முடிந்திருந்தது. நாட்டுப்பண் முடிந்தபோது 7.58.

பழைய வரிசையிலேயே போயிருந்தால் 8.08 ஆகியிருக்கும். எட்டு மணிக்கு யாராவது கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள்.

சிறிது நேரத்தில் மருமகளே கூப்பிட்டாள். குரல் கட்டியிருந்தது.

"மாமா, நீள்வரி எல்லாம் படிக்கவே நேரமில்லை. கிரீடத்தைப் பற்றி எழுதினது மட்டும் படித்தேன். நாலு வரி அழகாக எழுதிக் கேட்டேனே, அது எங்கேயும் இல்லையே!"

"கும்மி எப்படி இருந்தது?" என்று கேட்டோம்.

"ஒரு குழந்தைக்குப் பாதியில் பூ அவிழ்ந்து விழுந்துவிட்டது. அவள் நிற்கவே இல்லை மாமா."